கடைசிப் பந்தியில் வடை இல்லாமல் போனது பற்றி நம் வீட்டுக் கல்யாணக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

பெரியப்பாவுக்கும், இரண்டு சித்தப்பாக்களுக்கும், பெரிய மாமாவுக்கும் வணக்கம்.

அண்ணன் கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. இன்னும் எனக்கு வாரத்துக்கு மூன்று போன் வருகிறது. மூன்றிலும் ஒரே கேள்விதான். அழைப்புப் பட்டியல் உன் கையில்தானே இருந்தது, அப்புறம் எப்படி அழைக்காதவர்கள் வந்தார்கள், அழைத்தவர்கள் வரவில்லை? கடைசிப் பந்தியில் உட்கார்ந்த கமிட்டியார் நால்வருக்கும் இலையில் வடை விழவில்லை என்ற வருத்தமும் கூடவே வருகிறது. தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. எல்லாரும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதிவிடுகிறேன். ஊர் பெயரையும் ஆட்கள் பெயரையும் போடவில்லை. காரிமங்கலம் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்வோம்.

பட்டியல் தயாரித்த விதம் உங்களுக்கே தெரியும். நால்வரின் செல்போன்களிலிருந்தும் பெயர்களை எடுத்தோம். ஒரே ஆள் நான்கு போனிலும் நான்கு பெயரில் இருந்தார். அதையெல்லாம் கழித்து, திண்ணையில் மூன்று ராத்திரி உட்கார்ந்து, 350 வீடு என்று முடிவு செய்தோம். பத்திரிகை 400 அடித்தோம். மிச்சம் 50 கடைசி நேரத்துக்கு. 350 வீட்டுக்கு 800 இலை என்று சமையல் மாஸ்டரிடம் சொன்னது பெரியப்பா. கிலோவுக்கு எட்டு இலை கணக்கில் 100 கிலோ அரிசி, அதாவது 25 கிலோ சிப்பம் நான்கு. இதுவரை எல்லாம் சரி.

நாம் கவனிக்காமல் விட்டது ஒன்றே ஒன்று. பத்திரிகைக்கு மஞ்சள் வைக்கும் வேலையை ஆயாவிடம் கொடுத்தோம்.

கட்டு பிரித்து, கவரில் நான் பெயர் எழுதி, ஆயாவின் பக்கத்தில் வைப்பேன். ஆயா கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பத்திரிகையாக எடுத்து நான்கு மூலையிலும் மோதிர விரலால் தொடுவாள். தொட்டது வலப்பக்கம், தொடாதது இடப்பக்கம். வலப்பக்கம் இருப்பதைத்தான் சித்தப்பாக்கள் வெற்றிலை பாக்கு குங்குமத்தோடு தட்டில் வைத்து ஊர் ஊராக எடுத்துப் போனார்கள். மஞ்சள் வைக்காத பத்திரிகை சாவுச் சேதி மாதிரி, வெளியே போகக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். சட்டம் போட்டதே ஆயாதான். ஆக 82 வயதுப் பாட்டி கையில் ஒரு கிண்ணம் மஞ்சளையும், யாரை அழைக்கலாம் யாரை அழைக்கக்கூடாது என்ற முழு அதிகாரத்தையும் சேர்த்தே கொடுத்திருக்கிறோம். கமிட்டியில் ஒருத்தருக்கும் அது உறைக்கவில்லை. எனக்கும் உறைக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

இடப்பக்கத்தில் 38 பத்திரிகை தேங்கியது. என்ன ஆயா இது என்று கேட்டேன்.

"இவங்களுக்கெல்லாம் போன்ல அனுப்பிச்சாச்சுன்னு உங்க சின்ன சித்தப்பன் சொன்னான் சாமி. நேர்ல வேற எதுக்கு, டவுன்காரங்க. பெட்ரோல் தண்டம்."

நியாயமாகத்தான் பட்டது. நானும் அந்த 38 பேருக்கும் போனில் பத்திரிகையை அனுப்பிவிட்டு, பட்டியலில் 'அழைத்தாயிற்று' என்று குறித்துக்கொண்டேன்.

நம் பக்கத்தில் போனில் மட்டும் வரும் பத்திரிகைக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 'கல்யாணம் நடக்கிறது, தெரிந்துகொள்' என்று அர்த்தம். 'வா' என்று அர்த்தமில்லை. அழைப்பில் படிகள் இருப்பதை ஆயா எனக்கு அப்புறம் விளக்கினாள். பத்திரிகையைத் திண்ணையில் வைத்து "வந்துடுங்க" என்றால் வீட்டுக்கு ஒருத்தர் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார். உள்ளே போய் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, "வீட்டோட வந்துடணும்" என்றால் புருஷன் பெண்டாட்டி பிள்ளைகள். "அன்னிக்கு உங்க வீட்டு அடுப்பு எரியக் கூடாது" என்று சொல்லிவிட்டால் முடிந்தது, மாமியார், கொழுந்தன், விருந்துக்கு வந்த தங்கை குடும்பம் எல்லாம் முதல் நாள் சாயங்காலமே மண்டபத்தில் இருக்கும். நம் எக்செல் பட்டியலில் இதற்கெல்லாம் கட்டம் இல்லை. வீடு என்று ஒரு கட்டம், பக்கத்தில் ஒரு டிக், அவ்வளவுதான்.

அந்த 38 பேர் யார் என்று பெரிய சித்தப்பா கண்டுபிடித்திருப்பார். முக்கால்வாசி அவருடைய மனை வியாபாரக் கூட்டாளிகள். மீதியில் ஆறு பேர் ஓசூரில் என்னோடு வேலை செய்கிறவர்கள். என் ஷிப்ட் இன்சார்ஜும் அதில் ஒருவர். இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆகவே இந்த விஷயத்தில் நானும் அடி வாங்கியவன்தான், சதியில் பங்கு உள்ளவன் இல்லை.

எதற்கு ஆயா அவர்களை ஒதுக்கினாய் என்று பிறகு கேட்டபோது வந்த பதிலை அப்படியே எழுதுகிறேன்:

"அவங்க வருவாங்க, கவர்ல வெச்சுக் குடுப்பாங்க. கவர் மேல பேர் இருக்காது, இருந்தா ஊர் இருக்காது. எந்த நோட்டுல எழுதறது? எழுதாத மொய்யை எப்படித் திருப்பிச் செய்யறது? அந்தக் கடன் நம்ம தலைமேல நிக்கும். நமக்கு எதுக்கு ஊர் பேர் தெரியாத கடன்?"

இங்கேதான் அந்த நோட்டு வருகிறது.

அப்பா கல்யாணத்து மொய் நோட்டு, 1991-ஆம் வருஷத்தது. நீள வாக்கில் திறக்கும் கணக்கு நோட்டு. அட்டையில் பிள்ளையார் சுழி, அதன் மேல் காய்ந்து கறுத்துப்போன குங்குமம். பக்கங்களின் ஓரம் பூச்சி அரித்து அப்பளத்தைக் கடித்த மாதிரி இருக்கும். உள்ளே முதலில் ஊர், அடுத்து தகப்பன் பெயர், அப்புறம் ஆள் பெயர், கடைசியில் ரூபாய். 11, 21, 51 தான் அதிகம். 101 எழுதியவர்களின் பெயருக்கு மட்டும் எழுதியவர் தடித்த எழுத்துப் போட்டிருக்கிறார். இந்த நோட்டை ஆயா ராகி வைக்கும் தகர டின்னுக்குள், ராகிக்கு அடியில், பாலித்தீன் பையில் சுற்றி 34 வருஷம் வைத்திருந்தாள்.

ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டு எட்டாம் வகுப்புப் பெண்ணைக் கூப்பிட்டு, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தினம் நான்கு பக்கம் படிக்கச் சொல்லியிருக்கிறாள். கூலி, நாளுக்கு ஒரு கடலை மிட்டாய். அவள் ஒவ்வொரு பெயராகப் படிக்கப் படிக்க ஆயா யோசிப்பாள். இந்த ஆள் மகள் கல்யாணத்துக்கு நாம் போய்த் திருப்பி எழுதியாயிற்றா? எழுதியிருந்தால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குங்குமப் பொட்டு. ஆள் செத்துப்போய் வாரிசும் ஊரை விட்டுப் போயிருந்தால் ஒரு கரிக்கோடு. இரண்டும் இல்லாமல் நின்ற பெயர்களை மறுபடி படிக்கச் சொல்லி விரல் விட்டு எண்ணியிருக்கிறாள். 47 வீடு.

நமக்கு 11 ரூபாயும் 21 ரூபாயும் எழுதி, 34 வருஷமாக நாம் எட்டிப் பார்க்காத 47 வீடு. அவர்கள் எண் எதுவும் நம் நால்வர் போனிலும் இல்லை. அதனால் நம் கணக்கில் அவர்கள் ஆட்களே இல்லை. ஆயா கணக்கில் அத்தனை பேரும் பாக்கிக்காரர்கள். தப்பு, நாம்தான் பாக்கிக்காரர்கள்.

மஞ்சள் படாமல் ஒதுங்கிய 38 பத்திரிகைகளின் பழைய கவரைக் கழற்றி அடுப்பில் போட்டாயிற்று. மிச்சமிருந்த 50-இல் 9 எடுத்துக்கொண்டாள். 38-உம் 9-உம் 47. அந்தப் பெண்ணே புதுக் கவரில் பெயர் எழுதினாள். கடைசியில் நான் எண்ணிப் பார்த்தபோது 41 பத்திரிகை மீதி இருந்தது. 50-இல் ஒன்பது குறைந்ததை யார் கேட்பார்கள்? நானே சிலதை எடுத்துப் பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி பத்திரிகை வைத்த கதை. கல்யாணத்துக்கு முந்தின மாதம் ஆயா வாரத்துக்கு மூன்று நாள் "பிரஷர் மாத்திரை வாங்கிட்டு வரேன்" என்று கிளம்பிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறதா? முட்டி வலி என்று கோயில் மலைப் படியில் நான்கு படி ஏறாதவள், காலையில் போனால் மத்தியானம் மூன்று மணிக்குத்தான் வருவாள். ஆஸ்பத்திரியில் கூட்டம் என்பாள். நாம் நால்வரும், சரி, ஐவரும், ஒன்றை மறந்துவிட்டோம். ஆயாவுக்கு பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2021 ஆகஸ்டில் பக்கத்து மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிவைத்தார்களே, மக்களைத் தேடி மருத்துவம், அந்தத் திட்டத்தில். மாதா மாதம் ஒரு அம்மா வந்து திண்ணையிலேயே பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். அவருக்குக் காபி போட்டுக் கொடுப்பதே நம் வீட்டுப் பெண்கள்தான். இருந்தும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஆயா போனது டவுன் பஸ்ஸில். பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, செலவுக் கணக்கு யாரும் கேட்க முடியாது. கல்யாணம் முடிந்து அவளுடைய சுருக்குப் பையைத் தைக்க எடுத்தபோது கட்டணமில்லாச் சீட்டு 31 ரப்பர் பேண்ட் போட்டு இருந்தது. எதுக்கு ஆயா இதை வெச்சிருக்க என்றால், "செக்கிங் வந்தா காட்ட வேணாமா?" என்கிறாள், வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு.

எல்லா வீட்டுக்கும் அவள் நடந்து போகவில்லை. செவ்வாய்க்கிழமை காரிமங்கலம் சந்தைக்குச் சுற்றுவட்டாரம் முழுக்க வரும். தேங்காய் விற்கும் பக்கத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, பை நிறையப் பத்திரிகையோடு, வருகிறவர்களை மறித்திருக்கிறாள். நடுச்சந்தையில் பத்திரிகை வைப்பது முறையில்லை என்று அவளுக்கும் தெரியும். அதனால் சந்தையில் ஊரும் வீடும் மட்டும் விசாரித்துக்கொண்டு, மறுநாள் அந்த ஊர் பஸ் ஏறியிருக்கிறாள். எல்லா இடத்திலும் அடுப்பு வாசகத்தைத்தான் சொல்லியிருக்கிறாள், ஒரு இடத்தில்கூடத் திண்ணை அழைப்பு இல்லை. 47 வீடும் வீட்டோடு வந்ததற்குக் காரணம் அதுதான்.

கமிட்டியாருக்கு உண்மையில் எரிச்சல் மூட்டியது கிணத்துமேட்டுச் சித்தப்பா வந்தது என்று எனக்குத் தெரியும். அவர் பெயரைப் பட்டியலில் நான் சேர்த்தபோது பெரியப்பா சிவப்பு மையில் அடித்தார், மாமா அதன்மேல் இன்னொரு கோடு போட்டார். 2003-இல் கூட்டுக் கிணற்று மோட்டார் காயில் கருகிப்போனது. அது யார் முறையில் கருகியது, காயில் கட்டும் செலவு யாருடையது என்று தொடங்கிய சண்டையில் பேச்சு நின்று 22 வருஷம். வீடு முன்னூறு அடி தூரம். அவர்கள் வீட்டுக் குக்கர் விசில் நமக்குக் கேட்கும்.

நோட்டில் அவர் அப்பா பெயருக்கு நேராக ரூபாய் இல்லை. "ராகி ஒரு மூட்டை" என்று இருக்கிறது. அந்த வருஷம் நம் காட்டில் ராகி கருக்காயாகப் போய்விட்டதாம். கல்யாண வேலைக்கு வந்த பந்தல்காரர், விறகு பிளந்தவர், அரைக்க வந்த பெண்கள் எல்லாருக்கும் மூன்று நாள் களி கிண்டியது அந்த மூட்டையில்தான் என்று ஆயா சொல்கிறாள். பெரியப்பாவே அந்தக் களியைத் தின்றுதான் வாழைமரம் கட்டினாராம். இது பெரியப்பாவுக்கு நினைவில்லை என்றால், நோட்டின் பதினோராம் பக்கம், மேலிருந்து நான்காவது வரி.

அந்த வீட்டுக்கு ஆயா போனது ராத்திரி எட்டரை மணிக்கு, டார்ச் இல்லாமல். நாம் எல்லாரும் திண்ணையில் பந்தல் விலை பேசிக்கொண்டிருந்தோம். கொல்லைப்புறமாகப் போய்விட்டு வந்திருக்கிறாள். அங்கே என்ன பேசினாள் என்று இன்றுவரை சொல்லவில்லை. "பத்திரிகை வெச்சேன், தண்ணி குடுத்தாங்க, குடிச்சேன்" என்பதற்கு மேல் வாய் திறப்பதில்லை.

சரி, இலைக் கணக்குக்கு வருகிறேன். ஒதுக்கிய 38 வீடும் டவுன் வீடு. வந்திருந்தால் வீட்டுக்கு இரண்டு பேர் என்று 76 இலை. சேர்த்த 47 வீடும் அடுப்பு எரியாத வீடு. வீட்டுக்கு நான்கு ஐந்து பேர் என்று ஏறக்குறைய 210. ஆக நாம் சொன்ன 800-க்கு மேல் 130 இலைக்குக் குறையாமல் விழுந்திருக்க வேண்டும். 16, 17 கிலோ அரிசி கூடுதலாக வெந்திருந்தால்தான் ஈடுகட்டியிருக்கும். ஆனால் அன்றைக்குச் சோறு பற்றவில்லை என்று யாரும் சொல்லவில்லை. நான் சந்தேகப்பட்டதே இந்த இடத்தில்தான். கணக்கு முடிக்க மாஸ்டரிடம் போனபோது மண்டபத்துப் பின்கட்டில் காலிச் சிப்பங்களை எண்ணினேன். ஐந்து இருந்தது. ரசீதில் நான்கு. மாஸ்டரைப் பார்த்தேன். அவர் கரண்டியைப் பார்த்தார்.

"அம்மா சொல்லக் கூடாதுன்னாங்க தம்பி" என்றார் கடைசியில்.

ஐந்தாவது சிப்பத்துக்கு ஆயா கையிலிருந்து பணம் கொடுத்திருக்கிறாள். மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையில் சேர்த்தது. அவளுக்குச் சோற்றுக் கணக்கு தெரியும், சாம்பாருக்கும் அதற்கேற்ப இரண்டு கிலோ பருப்பு சேர்க்கச் சொல்லியிருக்கிறாள். ஆனால் வடையை மறந்துவிட்டாள். அவள் காலத்துக் கல்யாணத்தில் வடை ஒரு பெரிய விஷயமாக இருந்ததில்லை. நாம் 800 இலைக்கு ஒன்று என்று எண்ணித்தான் போடச் சொன்னோம், கையிருப்பு ஐம்பது. அது ஆறாவது பந்தியிலேயே தீர்ந்தது. வீட்டுக்காரர்கள் கடைசியில்தான் உட்கார வேண்டும் என்பது முறை. கமிட்டியார் வீட்டுக்காரர்கள். ஆகவே வடை இல்லை. இதில் சதி எதுவும் கிடையாது.

ஆயா செய்த தப்பு இன்னொன்று உண்டு, அதையும் மறைக்கவில்லை. நோட்டில் ஒரு பெயரைப் படிக்கும்போது அந்தப் பெண் தகப்பன் பெயரைத் தாண்டிவிட்டாள். பாலக்கோட்டுப் பக்கம் அதே ஊரில் அதே பெயரில் இரண்டு பேர். பத்திரிகை போனது சம்பந்தமே இல்லாதவர் வீட்டுக்கு. அவரும் யார் என்ன என்று கேட்காமல், ஒரு கிழவி வெயிலில் பஸ் ஏறி வந்து அழைத்துவிட்டதே என்று, எட்டுப் பேரோடு வந்து, சாப்பிட்டு, 501 ரூபாய் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். மொய் மேஜையில் உட்கார்ந்திருந்த சின்ன சித்தப்பா "எந்த வகையில் உறவு?" என்று கேட்டதற்கு, "அதை நீங்கதான் சொல்லணும்" என்றாராம். இப்போது நமக்கு அவர் 501 ரூபாய் உறவு. ஆவணியில் அவர் பேத்திக்குக் காதுகுத்து, பத்திரிகை வந்துவிட்டது. நேரில் வந்துதான் வைத்தார். நாம் போயே ஆக வேண்டும். சரியான ஆளுக்கும் தனியாக ஒருநாள் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், அது என் பொறுப்பு.

கிணத்துமேட்டுச் சித்தப்பா முகூர்த்தத்துக்குப் பதினான்கு பேரோடு வந்தார். யாரோடும் பேசவில்லை. நேராக மேடைக்குப் போய் அட்சதை போட்டார், பந்தியில் உட்கார்ந்தார், மொய் எழுதினார். கை கழுவும் இடத்தில் பெரியப்பாவும் அவரும் ஒரே குழாய்க்கு வந்துவிட்டார்கள். நான் பக்கத்தில் டம்ளர் எடுத்துக்கொண்டிருந்தேன், அதனால் சாட்சி சொல்ல முடியும். 22 வருஷத்துக்கு அப்புறம் பேசிய முதல் வார்த்தை இது:

"அன்னிக்கு ராத்திரி மோட்டாரைப் போட்டுட்டுத் தூங்கினது நீங்க."

பெரியப்பா கையில் சோப்பு நுரையோடு, "கிணத்துல தண்ணி இருக்கான்னு பார்க்காம போட்டது நீ" என்றார். அப்புறம் இருவரும் வாழைமரத்தடியில் நாற்காலி போட்டு முக்கால் மணி நேரம் அதையே பேசினார்கள். நடுவில் யாரோ காபி கொடுத்தார்கள், இருவரும் வாங்கிக்கொண்டார்கள். சண்டை தீரவில்லை. போன வாரம்கூட வரப்பில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஆனால் கத்துவதற்கு இப்போது நேருக்கு நேர் நிற்கிறார்கள், முன்பு ஆள்விட்டுத்தான் கத்துவார்கள்.

கமிட்டியாரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்தான். விசாரணைக்கு என்று எடுத்துப்போன 1991 நோட்டும், இந்தக் கல்யாணத்துப் புது நோட்டும் பெரிய மாமா வீட்டுப் பீரோவில் இருக்கின்றன. இரண்டையும் ஆயாவிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பூட்டி வைத்துப் பயன் இல்லை. பழைய நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் எத்தனை பொட்டு, எத்தனை கரி என்று அவளுக்கு மனப்பாடம். புது நோட்டை மட்டும் ஒரு தடவை படித்துக் காட்ட வேண்டும், அதற்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கடலை மிட்டாய் பேசி முடித்தாயிற்று.

தை மாதம் சின்ன சித்தப்பா மகள் கல்யாணத்துக்குப் பட்டியல் போட வரும் ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் கூடுவதாகச் சொன்னீர்கள். வருகிறேன், லேப்டாப்பும் கொண்டுவருகிறேன். ஆனால் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஆயா வெளுத்த புடவை கட்டி, சுருக்குப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசல் தாண்டுகிறாள். எங்கே என்று கேட்டேன். மாத்திரை வாங்கப் போகிறாளாம். மாத்திரை முந்தாநாள்தான் வீட்டுக்கு வந்தது.

இப்படிக்கு,
பட்டியல் எழுதியவன்